இரண்டு வெப்பநிலை, இரண்டு K, ஒத்துவராத ΔH: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

வெண்காரத்தின் கரைதிறனை இரண்டு வெப்பநிலைகளில் அளந்து, அதிலிருந்து வினையின் என்தால்பியைக் கண்டுபிடிக்கும் சோதனையின் குறிப்பேடுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். தப்பான விடைகள் நூறு விதமாக வருவதில்லை. ஏழெட்டு எண்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எண்ணைப் பார்த்ததுமே எங்கே சறுக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டு வெண்காரம் என்றாலும், K எந்த வினையுடையதாக இருந்தாலும் அறிகுறிகள் இவைதான்.

பயன்படுத்தும் உறவு இது:

```
ln(K2/K1) = (ΔH/R) × (T2 − T1)/(T1 × T2)
```

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான கணக்கு ஒன்று வேண்டும். தெவிட்டிய கரைசலில் 5.00 மி.லி. எடுத்து 0.500 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கிறோம். 25 °C-இல் 3.06 மி.லி., 45 °C-இல் 7.70 மி.லி. அமிலம் செலவாகிறது. ஒரு மோல் போரேட் அயனிக்கு இரண்டு மோல் அமிலம் தேவை. ஆகவே கரைதிறன் s முறையே 0.153, 0.385 மோல்/லிட்டர். ஒரு வெண்கார அலகு கரைந்தால் இரண்டு சோடியம் அயனியும் ஒரு போரேட் அயனியும் கிடைப்பதால் K = 4s³.

```
K1 = 4 × 0.153³ = 0.0143
K2 = 4 × 0.385³ = 0.228
ln(K2/K1) = 3 × ln(0.385/0.153) = 2.768
(T2 − T1)/(T1 × T2) = 20/(298.15 × 318.15) = 0.00021085
ΔH = 8.314 × 2.768 / 0.00021085 = 109100 J/mol
```

அதாவது மோலுக்கு 109 கிலோஜூல். இந்தச் சோதனையில் 110-ஐ ஒட்டி வந்தால் எனக்குத் திருப்தி.

தேட ஆரம்பிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சமன்பாட்டுக்குள் போவது K2/K1 என்ற விகிதம் மட்டும்தான். இரண்டு K-யையும் ஒரே எண்ணால் பெருக்கும் எந்தத் தவறும் விகிதத்தில் அடிபட்டுப் போகும். அமிலத்தின் செறிவு 0.500 இல்லை, உண்மையில் 0.470 என்றாலும் ΔH மாறாது. 4s³-இல் அந்த 4-ஐ மறந்தாலும் மாறாது. ஒரு போரேட்டுக்கு இரண்டு அமிலம் என்பதை மறந்தாலும்கூட மாறாது. இவை எல்லாம் என்ட்ரோபியைக் கெடுக்கும், என்தால்பியைத் தொடாது. ΔH ஒத்துவரவில்லை என்றதும் அமிலத்தை மறுபடி தரம்பார்க்க ஓடுகிறவர்கள் ஒரு பிற்பகலை வீணாக்குகிறார்கள். தேட வேண்டியது இரண்டு வெப்பநிலையிலும் ஒரே விகிதத்தில் இல்லாத தவறை.

## அறிகுறி 1: விடை அபத்தமாகச் சிறியது, அல்லது ஏதோ ஒரு மடங்கு குறைவு

இது கணக்குப் பிழை. கருவிகளைத் தொட வேண்டாம்.

சுமார் 1.3 வந்தால்: செல்சியஸை அப்படியே போட்டிருக்கிறீர்கள். 20/(25 × 45) = 0.0178, அதை வைத்தால் 1.29 கிலோஜூல் வரும். T2 − T1 என்ற வித்தியாசம் செல்சியஸிலும் கெல்வினிலும் ஒன்றுதான் என்பதால் மேலே உள்ள எண் சரியாகவே தெரியும். கீழே உள்ள பெருக்கல்தான் ஏமாற்றும்.

சுமார் 1.08 வந்தால்: R-க்கு 0.0821 போட்டிருக்கிறீர்கள். அது லிட்டர்-வளிமண்டல அலகில் உள்ள R. இங்கே 8.314 வேண்டும். மேலே சொன்ன 1.29-க்குப் பக்கத்திலேயே இது வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டாம் தசம இடம் வரை பாருங்கள்.

26 வந்தால்: R 1.987 ஆக இருந்திருக்கும். விடை தப்பில்லை, அது கிலோகலோரியில் இருக்கிறது. 4.184-ஆல் பெருக்கினால் 109.

47 வந்தால்: இயல் மடக்கைக்குப் பதில் பத்தடிமான மடக்கை. 109-ஐ 2.303-ஆல் வகுத்தால் 47.4. கால்குலேட்டரில் `ln` பொத்தானுக்குப் பதில் `log` அழுத்தியதுதான் வழக்கமான காரணம். கணினியில் இது இன்னும் வஞ்சகமாக வரும். விரிதாளில் `LOG()` பத்தடிமானம், `LN()` இயல் மடக்கை. பைத்தானில் `math.log()` இயல் மடக்கை. ஒன்றில் எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும்போது பெயரை நம்பாமல் 10-ஐக் கொடுத்துப் பாருங்கள். 1 வந்தால் பத்தடிமானம், 2.3026 வந்தால் இயல்.

77 வந்தால்: தலைகீழ்களைச் சுருக்கி எழுதியிருக்கிறீர்கள். 1/298.15-ஐ 0.0034 என்றும் 1/318.15-ஐ 0.0031 என்றும் எழுதிக் கழித்தால் 0.0003 வருகிறது, உண்மையில் 0.00021. இரண்டு நெருங்கிய எண்களைக் கழிக்கும் இடத்தில் முழுமையாக்கினால் மிஞ்சுவதில் பாதி குப்பைதான். அதனால்தான் மேலே உறவை (T2 − T1)/(T1 × T2) என்று எழுதினேன். அந்த வடிவத்தில் கழித்தல் முதலிலேயே முடிந்துவிடும்.

மனக்கணக்காகச் சோதிக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். அறை வெப்பநிலையை ஒட்டி 10 டிகிரி ஏற்றத்துக்கு K இரண்டு மடங்கானால் ΔH சுமார் 53 கிலோஜூல். நம் வெண்காரத்தில் 20 டிகிரிக்கு K பதினாறு மடங்கு, அதாவது 10 டிகிரிக்கு நாலு மடங்கு. இரண்டு முறை இரட்டித்தால் இரண்டு 53, ஆக 106. கால்குலேட்டர் 47 என்றோ 1.3 என்றோ சொன்னால் நம்பாதீர்கள்.

## அறிகுறி 2: அளவு சரி, குறி மட்டும் எதிர்

K1 ஒரு வெப்பநிலைக்கும் T1 இன்னொன்றுக்கும் போய்விட்டது, அல்லது (1/T2 − 1/T1) வடிவத்தைப் பயன்படுத்தி முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டீர்கள். சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சூடாக்கினால் K ஏறுகிறதா? அப்படியானால் ΔH நேர்க்குறி. இறங்கினால் எதிர்க்குறி. வேறு விதி கிடையாது.

K-யே தலைகீழாக எழுதப்பட்டிருந்தால், உதாரணமாகப் பிரிகை மாறிலிக்குப் பதில் பிணைப்பு மாறிலி என்றால், குறி மாறி வருவது தப்பே இல்லை. எந்தத் திசையில் வினையை எழுதினீர்கள் என்று பாருங்கள்.

## அறிகுறி 3: புத்தக மதிப்பில் சரியாக மூன்றில் ஒன்று, பாதி, அல்லது இரண்டு மடங்கு

109-க்குப் பதில் 36.4 வந்தால், K-க்குப் பதில் கரைதிறனையே சமன்பாட்டில் போட்டிருக்கிறீர்கள். s-இன் மூன்றாம் படிதான் K. மடக்கை எடுக்கும்போது அந்த 3 முன்னால் வந்து பெருக்கும். பெருக்கும் 4 அடிபட்டுப் போகும், படியாக நிற்கும் 3 போகாது. இந்தச் சோதனையில் அதிகம் பார்ப்பது இந்த ஒரு தவறைத்தான்.

பாதியோ இரண்டு மடங்கோ வந்தால் வினையை எப்படி எழுதினீர்கள் என்று பாருங்கள். N2O4 ⇌ 2NO2 என்று எழுதினால் ΔH சுமார் 57 கிலோஜூல். ½N2O4 ⇌ NO2 என்று எழுதினால் K வர்க்கமூலமாகி ΔH பாதியாகிவிடும். இரண்டும் சரி. புத்தகத்தில் எந்தச் சமன்பாட்டுக்கு என்று போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அதே வினையில் 57-க்குப் பதில் 54.7-ஐ ஒட்டி வந்தால் அது பின்ன விவகாரம் இல்லை. அழுத்தத்தில் எழுதிய Kp-க்குப் பதில் செறிவில் எழுதிய Kc-ஐப் போட்டிருக்கிறீர்கள். வாயு மோல்களின் எண்ணிக்கை மாறும் வினையில் Kc தருவது என்தால்பியை அல்ல, அக ஆற்றல் மாற்றத்தை. ஒரு மோல் கூடும்போது வித்தியாசம் RT, 25 °C-இல் 2.5 கிலோஜூல். சிறிய வித்தியாசம் என்பதால் சோதனைப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

## அறிகுறி 4: ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை

கணக்கு சரி. ஆனால் நேற்று 98, இன்று 121, பக்கத்து மேசையில் 107. இங்கே முதலில் கேட்க வேண்டியது: இரண்டு வெப்பநிலைக்கும் இடையே எத்தனை டிகிரி?

கரைதிறனில் 2 சதவீதப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.06 மி.லி.-யில் 0.05 மி.லி. தடுமாறினாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். மூன்றாம் படி என்பதால் K-இல் அது 6 சதவீதம். இரண்டு K-களும் சேர்ந்து ln-இல் சுமார் 0.085. வெப்பநிலை இடைவெளி 20 டிகிரி என்றால் இது ΔH-இல் ±3.4 கிலோஜூல். அதே கைத்திறனோடு 25-க்கும் 30-க்கும் இடையே அளந்தால் ±13 கிலோஜூல். கை மாறவில்லை, கருவி மாறவில்லை, இடைவெளி மட்டும் சுருங்கியது.

செலவில்லாத திருத்தம் இடைவெளியை அகலமாக்குவது. அடுத்தது, பியூரெட்டில் பெரிய எண் வரும்படி செய்வது. 0.500-க்குப் பதில் 0.100 மோலார் அமிலம் எடுத்தால் 3.06 என்பது 15.3 ஆகும், 7.70 என்பது 38.5 ஆகும். இரண்டும் 50 மி.லி. பியூரெட்டுக்குள் அடங்கும். 0.05 மி.லி. தடுமாற்றம் அப்போது பொருட்டே இல்லை. இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு எங்கள் வகுப்பில் விடைகள் சிதறுவது கண்கூடாகக் குறைந்தது.

## அறிகுறி 5: திரும்பத் திரும்ப ஒரே விடை, ஆனால் குறைவு

சிதறல் இல்லை. 102, 103, 101 என்று வருகிறது. இதுதான் உண்மையில் யோசிக்க வைக்கும் அறிகுறி. எளியதிலிருந்து போவோம்.

வெப்பநிலைமானி எங்கே இருக்கிறது? நீர்த்தொட்டியிலா, குடுவைக்குள்ளா? தொட்டி 45 காட்டும்போது உள்ளே கரைசல் 43.8-இல் இருக்கலாம். 20 டிகிரி என்று எழுதியது உண்மையில் 18.8, விடையும் அதே விகிதத்தில் 109-இலிருந்து ஏறக்குறைய 103-க்கு இறங்கும். வெப்பநிலைமானியைக் குடுவைக்குள் வையுங்கள், மாதிரி எடுக்கும் நொடியில் படித்த எண்ணை எழுதுங்கள். தொட்டியில் அமைத்த எண்ணை எழுதாதீர்கள்.

பிப்பெட் குளிர்ந்திருந்ததா? 45 டிகிரிக் கரைசலை அறை வெப்பநிலைப் பிப்பெட்டில் இழுத்தால் கண்ணாடியின் உள்சுவரில் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி படிகம் ஒட்டும். மாதிரி குடுவைக்குள் விழுந்த பிறகும் அது பிப்பெட்டிலேயே நிற்கும். மேல் வெப்பநிலையின் s குறைகிறது, ΔH குறைகிறது. பிப்பெட்டைச் சூடான நீரில் வைத்திருந்து துடைத்து எடுங்கள். மாதிரி விட்ட பிறகு சிறிது வெந்நீரால் பிப்பெட்டைக் கழுவி அந்த நீரையும் மாதிரியோடு சேர்த்துவிடுங்கள்.

கீழ் வெப்பநிலையில் திடம் ஏறிவந்ததா? கலக்கியதை நிறுத்தி, படிய விடாமல் எடுத்தால் நுண்ணிய துகள்கள் பிப்பெட்டுக்குள் வரும். 25 டிகிரி மாதிரியில் 10 மில்லிகிராம் வெண்காரம் கூடுதலாக வந்தாலே விடை 105-க்குப் போகும். 45 டிகிரி மாதிரியில் அதே 10 மில்லிகிராம் வந்தால் விடை கொஞ்சம் ஏறும், ஏனென்றால் அங்கே ஏற்கனவே கரைந்திருப்பது அதிகம். பிப்பெட் நுனியில் ஒரு சிறு வடிதாள் துண்டையோ பஞ்சையோ கட்டி இழுத்தால் போதும்.

பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி? ஒவ்வொரு தடவையும் 0.10 மி.லி. கூடுதலாகப் படித்தால் 3.16, 7.80 ஆகும், விடை 107. பெருக்கலாக வரும் பிழை விகிதத்தில் அடிபடும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, கூட்டலாக வரும் பிழை அடிபடாது. சிறிய எண்ணைத்தான் அது அதிகம் தாக்கும்.

சமநிலைக்கு வந்ததா? இது நேரம் பிடிக்கும் சோதனை, ஆனால் தவிர்க்க முடியாதது. இரண்டு பக்கத்திலிருந்தும் அணுகுங்கள். ஒரு குடுவையை அறை வெப்பநிலையிலிருந்து 45-க்குச் சூடாக்குங்கள். இன்னொன்றை 55 வரை கொண்டுபோய், அடியில் திடம் இருக்கும்போதே 45-க்கு இறக்குங்கள். இரண்டிலும் ஒரே s வந்தால் சமநிலை. மேலே ஏறிய குடுவையில் குறைவாக வந்தால் இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. கலக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கீழே இறங்கிய குடுவையில் அதிகமாக வந்தால் மீதெவிட்டல்; ஒரு சிட்டிகைப் படிகம் தூவி மறுபடி கலக்குங்கள்.

## அறிகுறி 6: இடைவெளியை அகலமாக்க அகலமாக்க விடை நகர்கிறது

இந்த உறவை எழுதும்போதே ΔH வெப்பநிலையோடு மாறாது என்று வைத்துக்கொண்டோம். அது எப்போதும் பொருந்தாது. நீரின் அயனிப் பெருக்கத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். pKw 25 °C-இல் 14.00, 60-இல் 13.02, 100-இல் 12.26. 25-ஐயும் 60-ஐயும் வைத்துக் கணக்கிட்டால் சுமார் 53 கிலோஜூல் வரும். 25-ஐயும் 100-ஐயும் வைத்தால் சுமார் 49. கலோரிமானியில் 25 °C-இல் நேரடியாக அளந்தது 55.8. மூன்றும் தப்பில்லை. இரண்டு புள்ளிகள் தருவது அவற்றுக்கு நடுவில் உள்ள ஏதோ ஒரு வெப்பநிலையின் ΔH. 25-இன் ΔH என்று எழுதினால்தான் தப்பு.

சோதிக்க மூன்றாவது வெப்பநிலை ஒன்று வேண்டும். கீழ்ப்பாதிக்கும் மேல்பாதிக்கும் தனித்தனியே ΔH கணக்கிடுங்கள். வித்தியாசம் அறிகுறி 4-இல் சொன்ன பிழை எல்லைக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைத் தாண்டி, ஒரே திசையில் இருந்தால் விடையோடு நடு வெப்பநிலையையும் எழுதுங்கள்.

நகர்வு மெதுவாக இல்லாமல் ஓரிடத்தில் திடீரென்று முறிந்தால் அது வேறு விஷயம். வெண்காரத்தில் சுமார் 61 °C-இல் அப்படி ஒரு முறிவு உண்டு. அதற்குக் கீழே கரைசலோடு சமநிலையில் இருக்கும் திடம் பத்து நீர் மூலக்கூறு கொண்டது, அதற்கு மேலே ஐந்து நீர் கொண்டது. 45-ஐயும் 70-ஐயும் வைத்து ஒரு ΔH கணக்கிட்டால் இரண்டு வேறு வினைகளைச் சேர்த்துக் கட்டியதாகத்தான் ஆகும். இடைவெளியை அகலமாக்கச் சொன்னேன் என்பதற்காக 60-ஐத் தாண்டிவிடாதீர்கள்.

## எப்போது கையை விட்டுவிட வேண்டும்

மேலே உள்ள எல்லாம் பார்த்தாயிற்று, இரண்டு பக்க அணுகல் ஒத்துப்போகிறது, மூன்று வெப்பநிலை ஒரே கோட்டில் நிற்கிறது. அப்புறமும் நம்பகமான கலோரிமானி மதிப்போடு பல கிலோஜூல் வித்தியாசம் நிற்கிறது என்றால், இனி பிப்பெட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

கரைசல் அயனிகளாலானது என்றால் முதல் சந்தேகம் ஆக்டிவிட்டி குணகம். வெண்காரக் கரைசலின் அயனி வலிமை 3s. 25 °C-இல் அது 0.46, 45-இல் 1.16. இவ்வளவு அடர்த்தியில் செறிவையே ஆக்டிவிட்டியாக எடுத்துக்கொள்வது வெறும் வசதிக்காகத்தான். இரண்டு வெப்பநிலையிலும் குணகம் ஒன்றாக இருந்தால் விகிதத்தில் அடிபட்டிருக்கும். இங்கே அப்படி இல்லை. நீர்த்த கரைசலுக்கான எளிய டிபை-ஹக்கல் சூத்திரத்தைப் போட்டு நாமே திருத்த முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இந்த அயனி வலிமைக்கு எட்டாது. திருத்திய எண் திருத்தாததைவிட மோசமாகக்கூட ஆகலாம். அடர் கரைசல்களை மாதிரியாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வகுப்புச் சோதனை என்றால் 109 என்று எழுதி, பக்கத்தில் செறிவை வைத்துக் கணக்கிட்டது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

K சூடாக்கினாலும் ஏறக்குறைய அசையவில்லை என்றால் அதுவும் கைவிட வேண்டிய இடம். 20 டிகிரிக்கு K 5 சதவீதம்தான் மாறுகிறது, உங்கள் K-யின் பிழை 6 சதவீதம் என்றால் குறியைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வினைக்குக் கலோரிமானிதான் வழி. அங்கே கொண்டுபோகும்போது வினையை எழுதிய சமன்பாடு, K-யின் அலகு, குடுவைக்குள் படித்த வெப்பநிலைகள், இரண்டு பக்க அணுகலின் தனித்தனி அளவீடுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சராசரியை மட்டும் நீட்டினால், அவர்கள் முதலில் கேட்பதே இவற்றைத்தான்.